வரிக் கணக்கை டெஸ்ட் செய்ய நான்கு வழிகள்: எதில் நேரம் போடுவது?

வரிக் கணக்கை டெஸ்ட் செய்ய உட்கார்ந்தால் முதலில் இடிப்பது ஒரு கேள்விதான்: சரியான விடையை எங்கிருந்து எடுப்பது? லாகின் பக்கமென்றால் உள்ளே போனதா இல்லையா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். திரையில் 3,925.01 என்று ஒரு வரித்தொகை வந்தால், அது சரியா, 3,925.02 என்று வந்திருக்க வேண்டுமா என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

அந்த விடையை எடுக்க நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. விதியைப் படித்துக் கையால் போட்ட கணக்குகளை அட்டவணையாக வைத்துக்கொள்வது ஒன்று. அதே கணக்கை எக்செலிலோ வேறு மொழியிலோ இன்னொரு முறை எழுதி இரண்டையும் ஒப்பிடுவது இரண்டாவது. தொகை எதுவானாலும் உடையக்கூடாத பண்புகளைச் சோதிப்பது மூன்றாவது. ஏற்கெனவே நடந்த பழைய கணக்குகளைப் புதிய கோடில் மறுபடி ஓட்டிப் பார்ப்பது நான்காவது. நான்கையும் முழுதாகச் செய்ய எந்த டீமுக்கும் நேரம் கிடைத்து நான் பார்த்ததில்லை. அதனால் ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியும் அதில் எந்தப் பிழையைப் பிடிக்கிறது, எதைக் கோட்டை விடுகிறது என்று பார்க்கலாம்.

உதாரணத்துக்கான விதி இது. ஜூன் 30 வரை முதல் 10,000-க்கு 5%, அதற்கு மேல் 30,000 வரை 12%, அதற்கும் மேல் 20%. ஜூலை 1 முதல் நடு ஸ்லாபின் எல்லை 40,000 ஆகிறது, அதன் வீதம் 12.5%, மேல் ஸ்லாப் 22%. ஒவ்வொரு ஸ்லாபிலும் அந்தப் பகுதிக்கு மட்டும்தான் அந்த வீதம். பில்லிங் காலம் இரண்டு விதிகளுக்கும் நடுவில் விழுந்தால், முழுத்தொகைக்கும் இரு விதிகளின்படி வரி போட்டு, நாள் கணக்கில் பிரித்துக் கூட்ட வேண்டும். கடைசியில் ஒரே ஒருமுறை இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்ய வேண்டும். சரிபாதி வந்தால் மேலே. விதி கற்பனைதான், ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எதுவும் கற்பனை அல்ல.

கையால் போட்ட அட்டவணையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பலரும் இதைச் செய்கிறார்கள், பலரும் தவறான வரிசைகளை வைத்துச் செய்கிறார்கள். டெஸ்டிங் பாடத்தில் எல்லை மதிப்புகளைச் சோதிக்கச் சொல்லித்தருவார்கள். உடனே 9,999, 10,000, 10,001 என்று மூன்று வரிசை எழுதிவிடுவோம். இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பகுதிக்குப் பகுதி வரி போடும் ஸ்லாபில், 10,000 என்ற தொகை கீழ் ஸ்லாபைச் சேர்ந்ததா மேல் ஸ்லாபைச் சேர்ந்ததா என்பது விடையை மாற்றாது. எப்படிப் பார்த்தாலும் 500.00 தான். கோடில் `<` இருக்க வேண்டிய இடத்தில் `<=` இருந்தாலும் இந்த வரிசை பச்சையாகவே நிற்கும். எல்லையில் வரும் உண்மையான பிழை வேறு. விதி அட்டவணைகள் பெரும்பாலும் “10,001 முதல் 30,000 வரை” என்று அச்சாகின்றன. அதைப் பார்த்து எழுதும் டெவலப்பர் தொகையிலிருந்து 10,000-க்குப் பதில் 10,001-ஐக் கழித்துவிடுகிறார். அப்போது 10,001-க்கு வரவேண்டிய 500.12-க்குப் பதில் 500.00 வரும். 10,000.50 என்று ஒரு தொகையைக் கொடுத்தால் அது எந்த ஸ்லாபிலும் விழாமல் வரியே இல்லாமல் போய்விடவும் கூடும். ஆக, எல்லையில் உருப்படியான வரிசைகள் இரண்டு: எல்லைக்கு ஒரு முழு எண் மேலே, எல்லைக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் தசமத்தோடு ஒன்று. சரியாக எல்லையில் நிற்கும் வரிசையால் பெரிய பயன் இல்லை.

தேதிக்கு வருவோம். அட்டவணையில் தேதிக்கு ஒரு பத்தி போதாது, இரண்டு வேண்டும்: பரிவர்த்தனை எந்த நாளைச் சேர்ந்தது, கணக்கு எந்த நாளில் ஓடுகிறது.

```
amount,txn_date,run_date,expected
10000.50,2025-06-30,2025-06-30,500.06
10001.00,2025-06-30,2025-06-30,500.12
10001.00,2025-07-01,2025-07-01,500.13
35000.00,2025-06-30,2025-06-30,3900.00
35000.00,2025-07-01,2025-07-01,3625.00
35000.00,2025-05-20,2025-08-10,3900.00
```

கடைசி வரிசைதான் நான் முதலில் எழுதும் வரிசை. மே மாதப் பில்லில் ஒரு தவறு இருந்து அதை ஆகஸ்டில் திருத்துகிறார்கள் என்று வையுங்கள். வரி மே மாத வீதத்தில்தான் போக வேண்டும். கோடின் உள்ளே எங்காவது ஒரு மூலையில் `now()` ஒளிந்திருந்தால் 3,625.00 வரும். ஜூன் வரை எழுதிய எந்த டெஸ்டும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் அதுவரை இரண்டு தேதிகளும் ஒரே விதிக்குள் இருந்தன. இதை டெஸ்ட் செய்ய “இன்று” என்பதை வெளியிலிருந்து கொடுக்கும்படி ஃபங்ஷன் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வேலை அதை மாற்றுவதுதான்.

மூன்றாவது வரிசையையும் ஒரு நிமிடம் பாருங்கள். புதிய விதியில் 10,001-க்கு வரி 500.125, சரிபாதி. மேலே தள்ளினால் 500.13. பைத்தானின் `round(500.125, 2)` 500.12 என்றுதான் தரும். சரிபாதி வந்தால் இரட்டைப்படை இலக்கத்துக்குப் போவது அதன் வழக்கம். பழைய விதியிலும் 10,001-க்கு 500.12 தானே. அதாவது ரவுண்டிங் பிழை இருந்தால், வீதம் மாறியதா இல்லையா என்பதே இந்தத் தொகையில் தெரியாமல் போய்விடும். ஒரு வரிசை சிவப்பானால் காரணம் வீதமா ரவுண்டிங்கா என்று குழம்பாமல் இருக்க, வீதத்தைச் சோதிக்க 35,000 போன்ற பின்னம் வராத தொகையைத் தனியாக வைத்திருக்கிறேன்.

தேதியில் இன்னொரு பழைய பொறி: வீத அட்டவணையில் `valid_to` என்று 2025-06-30 போட்டிருப்பார்கள். பரிவர்த்தனையோ நேரத்தோடு வரும், 30-ஆம் தேதி பிற்பகல் 2 மணி என்று. 2025-06-30 என்பதை டேட்டாபேஸ் நள்ளிரவு 00:00 என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பிற்பகலுக்கு எந்த வீதமும் பொருந்தாது. சில சிஸ்டத்தில் பிழை என்று வரும், சிலவற்றில் சத்தமில்லாமல் வரி பூஜ்யமாகும். இரண்டாவதுதான் ஆபத்து. “ஜூலை 1 00:00-க்கு முன்” என்று வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை போய்விடும். டெஸ்டில் கடைசி நாளின் நண்பகல் ஒன்றும் இரவு 23:59:59 ஒன்றும் இருந்தால் போதும். சர்வரின் நேர மண்டலம் நம்முடையதைவிட முன்னால் ஓடினால் அந்த இரவு வரிசை தானே கத்தும்.

சரி, அட்டவணையின் பலவீனம் என்ன? எழுதுபவருக்குத் தோன்றியது மட்டும்தான் அதில் இருக்கும். விதியை அவர் தவறாகப் படித்திருந்தால் விடையும் தவறு. ஆனாலும் வரி விவரம் தெரிந்த, கோடு தெரியாத ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்கக்கூடிய ஒரே வடிவம் இதுதான். மற்ற மூன்றையும் அவரிடம் கொண்டுபோக முடியாது.

அடுத்து, இரண்டாவது கணக்கு. கேட்கும்போது மிக உறுதியானதாகத் தோன்றும் வழி இதுதான்: இரண்டு தனித்தனிக் கணக்குகள், ஆயிரக்கணக்கான தொகைகள், எல்லாம் பொருந்தினால் சரிதானே? எனக்கு இதில் நம்பிக்கை குறைந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு வேலையில் நாங்கள் எக்செல் ஷீட் ஒன்றைத் தயாரித்து கோடோடு ஒப்பிட்டோம். ஒரு வித்தியாசமும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஷீட்டை எழுதியவரும் கோடை எழுதியவரும் ஒரே விவர ஆவணத்தைப் படித்து, இருவருமே கீழ் எல்லையை ஒன்று கூட்டிக் கழித்திருந்தார்கள். மேலே சொன்ன அதே 10,001 பிழை. இரண்டு கணக்கும் அழகாகப் பொருந்தின, இரண்டுமே தவறு. ஒரே வாசிப்பிலிருந்து பிறந்த இரண்டு கணக்குகள் ஒன்றுக்கொன்று சாட்சி ஆக முடியாது.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு: தவறு இல்லாத இடத்தில் வித்தியாசம் காட்டுவது. எக்செலின் `ROUND` சரிபாதியைப் பூஜ்யத்திலிருந்து விலக்கித் தள்ளும். பைத்தானின் `round` இரட்டைப்படைக்குப் போகும். ஜாவாஸ்கிரிப்டின் `Math.round` எப்போதும் பெரிய எண் பக்கம் போகும், அதனால் -2.5 என்பது -2 ஆகும். எக்செலில் அதே எண் -3. ஒப்பிட்டால் ஒரு காசு வித்தியாசங்கள் பட்டியலாக வந்து விழும். கொஞ்ச நாளில் டீம் சலித்துப்போய் “0.01 வரை வித்தியாசம் பரவாயில்லை” என்று ஒரு சலுகை வைத்துவிடும். ரவுண்டிங் விதியைச் சோதிக்கத்தானே இதையெல்லாம் செய்தோம்? அந்தச் சலுகை போட்ட நிமிடமே ரவுண்டிங் டெஸ்ட் செத்துவிட்டது.

அதனால் இரண்டாவது கணக்கை நான் ஒரே ஒரு நிலையில்தான் எடுத்துக்கொள்வேன்: வரிப் பிரிவில் ஒருவர் தன் சொந்த வேலைக்காக ஏற்கெனவே வைத்திருக்கும் ஷீட் என்றால். அது வேறு தலையிலிருந்து வந்தது. நாமே உட்கார்ந்து எழுதுவதென்றால் அந்த நேரத்தில் அட்டவணையில் இன்னும் பத்து வரிசை சேர்ப்பது மேல்.

பண்புகளைச் சோதிப்பது மூன்றாவது வழி. இதற்குச் சரியான விடை எது என்றே தெரிய வேண்டியதில்லை, அதுதான் இதன் அழகு. தொகை கூடினால் வரி குறையக்கூடாது. தொகை ஒரு காசு கூடினால் வரி ஒரு காசுக்கு மேல் கூடக்கூடாது. முழுப் பில்லையும் ரத்து செய்தால் முன்பு போட்ட வரி ஒரு காசும் மிச்சமில்லாமல் கழிய வேண்டும். பைத்தானில் ஹைபாதிசிஸ் போன்ற லைப்ரரிகள் தொகைகளைத் தானே உருவாக்கி, உடைகிற மிகச் சிறிய உதாரணத்தைத் தேடித் தரும்.

இரண்டாவது பண்பு மட்டும் ஒரு பெரிய பிழையைப் பிடிக்கும். முழுத்தொகைக்கும் மேல் ஸ்லாபின் வீதத்தைப் போட்டுவிடும் கோடில் 10,000-க்கு 500.00, 10,000.01-க்கு 1,200.00 என்று தாவும். மூன்றாவது பண்பு, ஜாவாஸ்கிரிப்ட் விஷயத்தில் பார்த்தது போல மைனஸ் தொகைகளில் ரவுண்டிங் வேறு பக்கம் சாய்வதைப் பிடிக்கும். ஆனால் நடு ஆண்டு மாற்றத்தில்தான் இந்த வழி உண்மையிலேயே சம்பாதிக்கிறது. ஜூன் 16 முதல் ஜூலை 15 வரை 30 நாள் பில், தொகை 36,000 என்று எடுத்துக்கொள்வோம். பழைய விதியில் வரி 4,100. புதிய விதியில் 3,750. பதினைந்து பதினைந்து நாளாகப் பிரித்தால் 2,050-உம் 1,875-உம் சேர்ந்து 3,925.

இதே பில்லுக்கு நல்ல எண்ணத்தோடு எழுதிய கோடு வேறு இரண்டு விடைகளைத் தரலாம். பில் முடிந்த தேதியை மட்டும் பார்த்தால் 3,750. தொகையை முதலில் பாதியாக்கி, ஒவ்வொரு 18,000-க்கும் தனியாக ஸ்லாப் போட்டால் 1,460-உம் 1,500-உம் சேர்ந்து 2,960. இந்த மூன்றாவது விடையில் கீழ் ஸ்லாபுகளின் சலுகை இரண்டு முறை கொடுக்கப்பட்டுவிட்டது, 965 குறைவு. கோடைப் படித்துப் பார்த்தால் இது ஒன்றும் விகாரமாகத் தெரியாது, தொகையைப் பிரிப்பது இயல்பாகத்தான் தோன்றும். இங்கே ஒரு பண்பு போதும்: நடுவில் விழும் பில்லின் வரி, முழுக்கப் பழைய விதி தரும் வரிக்கும் முழுக்கப் புதிய விதி தரும் வரிக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். 3,750-க்கும் 4,100-க்கும் இடையில் 2,960 இல்லை, டெஸ்ட் உடைந்துவிடும்.

ஆனால் 3,750 அந்த எல்லையிலேயே நிற்கிறது, அதை இந்தப் பண்பு விட்டுவிடும். யாராவது வீத அட்டவணையில் 12.5%-க்குப் பதில் 12% என்று பதிந்திருந்தாலும் மேலே சொன்ன எல்லாப் பண்புகளும் சந்தோஷமாகப் பாஸாகும். தவறான வீதத்தோடும் வரி ஒழுங்காகக் கூடிக்கொண்டுதான் போகும். பண்புகளை மட்டும் நம்பி அட்டவணையைக் கைவிட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ரவுண்டிங் விஷயத்தில் இரண்டு வழியும் கைகோத்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஸ்லாபுக்கு ஸ்லாப் ரவுண்ட் செய்வதா, கடைசியில் ஒருமுறையா என்று நிறைய விவாதம் நடக்கும். உண்மையில், இந்த விதியில் ஒரே காலத்துக்குள் இருக்கும் பில்லுக்கு இரண்டும் ஒரே விடைதான் தரும். நிறைந்துவிட்ட கீழ் ஸ்லாபுகள் 500, 2,400 என்று முழு எண்ணாகவே வருகின்றன. பின்னம் கடைசி ஸ்லாபில் மட்டும்தான். விதி மாறும் காலத்தில் பில் விழுந்தால் பின்னங்கள் இரண்டு ஆகின்றன, அப்போதுதான் எந்தப் படியில் ரவுண்ட் செய்கிறோம் என்பது பேச ஆரம்பிக்கிறது. அப்படிப்பட்ட தொகையைத் தலையால் யோசித்துக் கண்டுபிடிப்பதைவிடத் தேடவிடலாம்:

```python
from decimal import Decimal as D, ROUND_HALF_UP, ROUND_HALF_EVEN

def r(x, m): return x.quantize(D("0.01"), rounding=m)
def old(x): return 2900 + (x - 30000) * D("0.20")
def new(x): return 500 + (x - 10000) * D("0.125")
def staged(x, m): return r(r(old(x), m) / 2, m) + r(r(new(x), m) / 2, m)

for k in range(100):
    x = D(36000) + D(k) / 100
    once = r((old(x) + new(x)) / 2, ROUND_HALF_UP)
    trio = (once, staged(x, ROUND_HALF_UP), staged(x, ROUND_HALF_EVEN))
    if len(set(trio)) == 3:
        print(x, trio)
```

முதலில் சிக்குவது 36,000.04, அடுத்தது 36,000.05. இரண்டாவதைக் கையால் போட்டுப் பார்ப்போம். பழைய வரி 4,100.01, புதிய வரி 3,750.00625. ரவுண்ட் செய்யாமல் பாதியாக்கிக் கூட்டினால் 3,925.008125, கடைசியில் 3,925.01. ஒவ்வொரு படியிலும் ரவுண்ட் செய்தால் புதிய வரி 3,750.01 ஆகிவிடும், பாதிகள் 2,050.005, 1,875.005. இரண்டும் சரிபாதி. மேலே தள்ளினால் மொத்தம் 3,925.02, இரட்டைப்படைக்குப் போனால் 3,925.00. ஒரே தொகை, மூன்று விடை. இந்த ஒரு வரிசையை அட்டவணையில் சேர்த்துவிட்டால், இந்த மூன்றில் எந்த ரவுண்டிங் முறையைக் கோடு பின்பற்றுகிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். சும்மா எடுத்த நூறு தொகைகளைவிட இது ஒன்று உறுதியானது. (தொகைகளை `float`-இல் வைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை. பைத்தானில் `round(2.675, 2)` 2.67 என்று வருவது ரவுண்டிங் விதியால் அல்ல, 2.675 என்ற எண்ணே உள்ளே கொஞ்சம் குறைவாக இருப்பதால்.)

நான்காவது வழியான பழைய தரவை மறுபடி ஓட்டுவது, நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்தது. ஜனவரி முதல் மே வரையிலான எல்லாப் பில்களையும் புதிய கோடில் ஓட்டுங்கள், ஒன்றுகூட மாறக்கூடாது. புதிய வீதங்களைச் சேர்க்கப்போய்ப் பழைய கணக்கைக் கெடுத்துவிட்டோமா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அட்டவணை எழுதியவருக்குத் தோன்றாத விசித்திரங்களும் இதில் வரும்: பூஜ்யத் தொகை பில், இரண்டு முறை திருத்திய பில், பாதி ரத்து. இங்கே ஒரு காசு சலுகைகூட வைக்க வேண்டாம், ஒப்பிடுவது ஒரே கோடின் இரண்டு பதிப்புகளைத்தானே.

ஆனால் இது மாற்றத்தைக் காட்டும், சரியா தவறா என்று சொல்லாது. பழைய கோடில் 10,001 பிழை இருந்தால் அதையே சரி என்று காப்பாற்றும். அதைவிட முக்கியமாக, ஜூலை 1-க்கு முன்னால் ஜூலை மாதத் தரவு என்று ஒன்று இல்லவே இல்லை. மாற்றத்தைத் தாண்டி நிற்கும் ஒரு பில்லும் அந்தத் தரவில் கிடையாது. நாம் எதைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அது மட்டும் சரியாக விடுபட்டிருக்கும். சிலர் பழைய பில்களின் தேதியை ஒரு மாதம் தள்ளிவைத்து ஓட்டுவார்கள். கோடு கவிழாமல் ஓடுகிறதா என்று பார்க்க அது உதவும், விடை சரிதானா என்று சொல்ல அங்கேயும் ஆள் இல்லை.

மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். முதல் ஒன்றரை நாள் அட்டவணைக்கு. நாற்பது வரிசைக்கு மேல் போகமாட்டேன், ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் அது எந்தப் பிழைக்காக இருக்கிறது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். குறிப்பு எழுத முடியாத வரிசையைத் தூக்கிவிடுவேன். அடுத்த அரை நாள் ஐந்து பண்புகளுக்கு. மீதி ஒரு நாளில் பழைய தரவை ஓட்ட ஏற்பாடு செய்து, வித்தியாசம் வந்த பில்களை உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டாவது கணக்குக்கு என் கையால் ஒரு மணி நேரமும் கொடுக்கமாட்டேன். ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் அட்டவணையும், “இடையில் இருக்க வேண்டும்” என்ற அந்த ஒரு பண்பும்.

இந்த முன்னுரிமையை மாற்றும் நிலை ஒன்று உண்டு. வீத மாற்றத்தை ஆகஸ்டில் அறிவித்துவிட்டு, ஜூலை 1 முதலே அமல் என்று சொல்லிவிடுவார்கள். அப்போது ஜூலையில் போன பில்கள் அன்றைக்குத் தெரிந்த விதியின்படி சரி, இன்றைக்குத் தெரிந்த விதியின்படி தவறு. இங்கே பழைய தரவு முதலிடத்துக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் எந்தெந்தப் பில்லுக்கு எவ்வளவு வித்தியாசத்தைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்ற பட்டியலே அதிலிருந்துதான் வரவேண்டும். அட்டவணையில் இன்னொரு பத்தியும் தேவைப்படும்: அந்த வீதம் சிஸ்டத்துக்குத் தெரியவந்த நாள். வீத அட்டவணையில் பழைய பதிவை அழித்து மேலே எழுதிவிடும் சிஸ்டத்தில் இந்த டெஸ்டை எழுதவே முடியாது. ஜூலை 10 அன்று 35,000 பில்லுக்கு வரி ஏன் 3,900 என்று போனது என்ற கேள்விக்கு அங்கே பதில் மிச்சமிருக்காது.

கடைசியாக அந்த 36,000 பில். டெஸ்ட் எழுதுவதற்கு முன்பே அதை வரிப் பிரிவுக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். விதியை விளக்கச் சொல்லிக் கேட்டால் பதில் நீளமாக, இரண்டு பக்கமும் பிடிகொடுக்காமல் வரும். “ஜூன் 16 முதல் ஜூலை 15 வரை, தொகை 36,000. வரி 2,960-ஆ, 3,750-ஆ, 3,925-ஆ?” என்று கேட்டால் ஓர் எண் வரும். சில நேரம் இந்த மூன்றிலும் இல்லாத நான்காவது ஓர் எண்.